கண்ணுக்கு இடமாற்றம், காதுக்கு ஒப்பீடு

கலைந்து கிடக்கும் எண்களை ஏறுவரிசையில் அடுக்கக் கணினி செய்யும் வேலைகள் பெரும்பாலும் இரண்டுதான். இரண்டு எண்களை எடுத்து எது பெரியது என்று பார்ப்பது ஒன்று. தேவைப்பட்டால் அவற்றை இடம் மாற்றுவது இன்னொன்று. முதலாவதை ஒப்பீடு என்றும் இரண்டாவதை இடமாற்றம் என்றும் சொல்வோம். பபிள் சார்ட், செலக்‌ஷன் சார்ட், இன்சர்ஷன் சார்ட், குவிக் சார்ட் என்று பாடப்புத்தகம் அடுக்கும் பெயர்களெல்லாம் இந்த இரண்டு வேலைகளையும் எந்த ஒழுங்கில், எத்தனை முறை செய்வது என்பதில்தான் வேறுபடுகின்றன.

இதைப் படமாக்கும் வழி எளிது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டை. எண் பெரிதானால் பட்டை உயரம். திரையில் நூறு பட்டைகள் தாறுமாறாக நிற்கும். அல்காரிதம் ஓட ஓட அவை இடம் மாறி, கடைசியில் இடமிருந்து வலமாக ஏறும் படிக்கட்டாக நிற்கும். கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் பேக்கர், ஒன்பது வரிசைப்படுத்தல் முறைகளை இப்படி அசைவுப் படமாக்கி, ‘சார்ட்டிங் அவுட் சார்ட்டிங்’ என்ற அரைமணி நேரத் திரைப்படமாக 1981-இல் வெளியிட்டார். படத்தின் இறுதியில் ஒன்பது முறைகளும் ஒரே நேரத்தில் பந்தயம் ஓடும்.

படத்தில் மட்டும் பார்த்தால் ஒரு குறை உண்டு. இடமாற்றம் நடந்தால் பட்டைகள் நகரும், கண் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒப்பீடு நடந்தால் எதுவும் நகராது. இரண்டு பட்டைகள் ஒரு கணம் நிறம் மாறி மீளும், அவ்வளவுதான். வேகம் கூடினால் அதுவும் கண்ணில் படாது. ஆனால் பெரும்பாலான முறைகளில் ஒப்பீடுகள்தான் அதிகம்; இடமாற்றங்கள் அதைவிடக் குறைவு. அதாவது நடக்கும் வேலையில் பெரும்பங்கு திரையில் தடமே விடாமல் போய்விடுகிறது.

அந்தத் தடத்தை விட்டுச்செல்வதற்குத்தான் ஒலி. ஜெர்மனியின் டிமோ பிங்மன் எழுதி 2013-இல் யூடியூப் வழியாகப் பரவலாகப் பேசப்பட்ட ‘தி சவுண்ட் ஆஃப் சார்ட்டிங்’ நிரலில், பொதுவாக ஒப்பீடு நடக்கும்போது மட்டுமே ஒலி எழும். ஒப்பிடப்படும் எண்கள் பெரிதாக இருந்தால் சுருதி உயரும், சிறிதாக இருந்தால் தாழும். இடமாற்றத்துக்குத் தனி ஒலி கிடையாது. அதைக் கண் பார்த்துக்கொள்ளும். இந்த வேலைப்பிரிவினை எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆறே எண்களை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

ஆறு பட்டைகள், ஆறு ஸ்வரங்கள்

நம் எண்கள் 4, 2, 6, 1, 5, 3. ஒலியைக் காகிதத்தில் எழுத ஸ்வரங்களே வசதி. 1 என்றால் ச, 2 ரி, 3 க, 4 ம, 5 ப, 6 த. ஆக நம் தொடக்க வரிசை ம ரி த ச ப க. அது ச ரி க ம ப த என்று மாற வேண்டும். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் ஒப்பிடப்படும் இரண்டு ஸ்வரங்களும் ஒலிக்கும். ஆர்மோனியமோ கீபோர்டோ பக்கத்தில் இருந்தால் வாசித்தபடியே படிக்கலாம்.

முதலில் பபிள் சார்ட். அடுத்தடுத்து நிற்கும் இரண்டை ஒப்பிட வேண்டும். இடப்பக்கம் நிற்பது பெரிதென்றால் இடம் மாற்ற வேண்டும். பிறகு ஒரு படி வலப்பக்கம் நகர வேண்டும். முதல் சுற்றில் கேட்பது இது:

ம-ரி, ம-த, த-ச, த-ப, த-க.

இரண்டாவது ஒப்பீட்டிலிருந்து ‘த’ விடாமல் ஒலிப்பதைக் கவனியுங்கள். மிகப் பெரிய எண் பிடிபட்டவுடன் அது ஒவ்வொரு ஒப்பீட்டிலும் வென்று, வலப்பக்கமாகத் தள்ளப்பட்டுக்கொண்டே போகிறது. அந்தச் சுற்று முடிவில் வரிசை 2, 4, 1, 5, 3, 6. பெரியது கடைசி இடத்தில் அமர்ந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் ரி-ம, ம-ச, ம-ப, ப-க. மூன்றாம் சுற்றில் ரி-ச, ரி-ம, ம-க. இத்தோடு பட்டைகள் 1, 2, 3, 4, 5, 6 என்று சரியாக நின்றுவிட்டன.

ஆனால் ஒலி நிற்கவில்லை. நான்காம் சுற்றில் ச-ரி, ரி-க. ஐந்தாம் சுற்றில் ச-ரி. கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. காதுக்கு இன்னும் மூன்று ஒப்பீடுகள் மீதி. வரிசை ஒழுங்காகிவிட்டது என்பது நமக்குத் தெரியும், அல்காரிதத்துக்குத் தெரியாது. ஒரு சுற்று முழுக்க இடமாற்றமே நடக்கவில்லையென்றால் நிறுத்திவிடு என்று ஒரு வரி சேர்த்தால் ஐந்தாம் சுற்று தேவைப்படாது. ஆனால் நான்காம் சுற்றைத் தவிர்க்க முடியாது. இடமாற்றம் நடக்கவில்லை என்பதை அறியவே ஒரு சுற்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதே! படத்தை ஒலியில்லாமல் பார்த்தவருக்கு இந்த வீண்வேலை எளிதில் புலப்படாது.

கணக்கு: 15 ஒப்பீடுகள், 8 இடமாற்றங்கள்.

அதே 15, வேறு நடை

இப்போது செலக்‌ஷன் சார்ட். மீதியிருப்பதில் மிகச் சிறியது எது என்று முழுவதும் தேடிப் பார்த்து, அதைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும் முறை. தேடும்போது இதுவரை கண்ட சிறியதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததோடு ஒப்பிடும். முதல் சுற்று:

ம-ரி, ரி-த, ரி-ச, ச-ப, ச-க.

பபிள் சார்ட்டில் மேல் ஸ்வரம் நிலைத்து நின்றது. இங்கே கீழ் ஸ்வரம் படிப்படியாக இறங்கி, மிகத் தாழ்ந்த ‘ச’வில் வந்து நிற்கிறது. அதற்குமேல் இறங்க இடமில்லை, எனவே சுற்று முடியும்வரை அதுவே சுருதியாக ஒலிக்கும். ஐந்து ஒப்பீடுகள் ஆகும்வரை ஒரு பட்டைகூட அசையவில்லை. சுற்று முடிந்ததும் ஒரே ஒரு தாவல்: 4-உம் 1-உம் இடம் மாறுகின்றன. இரண்டாம் சுற்றில் ரி-த, ரி-ம, ரி-ப, ரி-க. ‘ரி’ ஏற்கெனவே தன் இடத்தில் இருப்பதால் இடமாற்றமே இல்லை. மூன்றாம் சுற்றில் த-ம, ம-ப, ம-க என்று கேட்டபின் 6-உம் 3-உம் மாறுகின்றன. வரிசை முடிந்தது. மீதி மூன்று ஒப்பீடுகளும் உறுதிப்படுத்தும் வேலை மட்டுமே.

கணக்கு: 15 ஒப்பீடுகள், 2 இடமாற்றங்கள்.

ஒப்பீடுகள் இரண்டு முறைகளிலும் சமம். இடமாற்றம் மட்டும் எட்டிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிட்டது. இது எப்படி என்று புரிய ‘தலைகீழ் ஜோடி’ என்ற கணக்கு உதவும். பெரிய எண் முன்னாலும் சிறிய எண் பின்னாலும் நிற்கும் ஒவ்வொரு ஜோடியையும் எண்ணுங்கள். நம் வரிசையில் 4-க்குப் பின்னால் 2, 1, 3 என மூன்று; 2-க்குப் பின்னால் 1; 6-க்குப் பின்னால் 1, 5, 3; 5-க்குப் பின்னால் 3. மொத்தம் எட்டு. ஒழுங்கான வரிசையில் இது பூஜ்யம்.

பக்கத்துப் பக்கத்து எண்களை மாற்றினால் அந்த ஒரு ஜோடி மட்டுமே சரியாகும். வேறு எந்த ஜோடியின் முன்பின்னும் மாறாது. எனவே தலைகீழாக நிற்கும் பக்கத்து எண்களை மட்டும் மாற்றும் எந்த முறைக்கும் எட்டு தலைகீழ் ஜோடிகளைத் தீர்க்கச் சரியாக எட்டு தேவை, கூடவும் முடியாது, குறைக்கவும் முடியாது. செலக்‌ஷன் சார்ட் தூரத்தில் நிற்பதை மாற்றுகிறது. 4-ஐயும் 1-ஐயும் மாற்றிய ஒரே தாவலில் தலைகீழ் ஜோடிகள் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. 6-ஐயும் 3-ஐயும் மாற்றியதும் மீதி ஐந்தும் ஒரேயடியாகத் தீர்ந்தன. திரையில் குறுகிய நகர்வு எது, நெடிய தாவல் எது என்று பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். இது படத்தின் பலம்.

எட்டு அப்படியே, பதினைந்து குறைகிறது

மூன்றாவதாக இன்சர்ஷன் சார்ட். இடப்பக்கம் அடுக்கி முடித்த ஒரு பகுதி இருக்கும். அடுத்து வரும் எண்ணை அந்தப் பகுதியின் வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தனக்குரிய இடம் வரும்வரை இடப்பக்கம் நகர்த்தும். கேட்பது:

ரி-ம;
த-ம;
ச-த, ச-ம, ச-ரி;
ப-த, ப-ம;
க-த, க-ப, க-ம, க-ரி.

கடைசி வரியை வாசித்துப் பாருங்கள். ‘க’ நிலையாக நிற்க, மற்ற ஸ்வரம் த, ப, ம, ரி என இறங்கிக்கொண்டே வருகிறது. இது தற்செயல் அல்ல. அடுக்கிய பகுதியை வலமிருந்து இடமாகத் தொடுவதால் எப்போதும் இறங்கும் ஓசைதான் கேட்கும். தன்னைவிடத் தாழ்ந்த ஸ்வரம் காதில் விழுந்த கணமே அந்தச் சுற்று முடிந்துவிடும். ‘க’வுக்கு ‘ரி’ கேட்டதும் நின்றது. ‘த’வுக்கோ முதல் ஒப்பீட்டிலேயே தாழ்ந்த ‘ம’ வந்துவிட்டது, ஒரே ஒப்பீட்டோடு முடிந்தது.

கணக்கு: 11 ஒப்பீடுகள், 8 இடமாற்றங்கள்.

பபிள் சார்ட்டோடு வைத்துப் பார்த்தால் இடமாற்றம் அதே எட்டு, பக்கத்து இடமாற்றம்தானே. ஆனால் ஒப்பீடு பதினைந்திலிருந்து பதினொன்றாகக் குறைந்தது. அடுக்கிய பகுதியில் ‘ரி’ வந்துவிட்டால் அதற்கு இடப்பக்கம் நிற்பவை அதைவிடச் சிறியவை என்பது ஏற்கெனவே தெரியும். மறுபடி கேட்கத் தேவையில்லை. முன்பு கிடைத்த விடைகளை இந்த முறை பயன்படுத்திக்கொள்கிறது. பபிள் சார்ட் ச-ரி என்ற ஜோடியை மூன்று முறை கேட்டது. மூன்றாம் சுற்றிலேயே விடை கிடைத்தும் நான்கிலும் ஐந்திலும் திரும்பக் கேட்டது. காதால் கவனித்தால் இதைப் பிடிப்பது எளிது, ஏனென்றால் ஒரே ஜோடி ஸ்வரம் மீண்டும் மீண்டும் ஒலிப்பதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

மூன்று முறைகள், மூன்று ஜோடி எண்கள்: 15-8, 15-2, 11-8. முதலாவதையும் இரண்டாவதையும் பிரிப்பது இடமாற்றம். அதைக் கண் காண்கிறது. முதலாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது ஒப்பீடு. அதைக் காது கேட்கிறது.

வட்டம் சுருங்கும் ஓசை

டோனி ஹோர் உருவாக்கி 1961-இல் வெளியிட்ட குவிக் சார்ட்டின் ஓசை இவை மூன்றிலிருந்தும் மாறுபட்டது. ஒரு எண்ணைப் பிவட்டாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிட வேண்டும். சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம், பிவட் நடுவில். பிறகு இரண்டு பக்கங்களிலும் தனித்தனியே இதையே செய்ய வேண்டும். கடைசியில் நிற்கும் 3-ஐப் பிவட்டாக எடுத்தால்:

ம-க, ரி-க, த-க, ச-க, ப-க.

‘க’ அத்தனை ஒப்பீட்டிலும் வருகிறது. மூன்று இடமாற்றங்களோடு வரிசை 2, 1, 3, 4, 5, 6 ஆகிறது. இனி ‘க’ ஒருபோதும் ஒலிக்காது. அதன் இடம் நிரந்தரமாகிவிட்டது. இடப்பக்கத்தில் ரி-ச, ஒரு இடமாற்றம். வலப்பக்கத்தில் ம-த, ப-த, பிறகு ம-ப. மொத்தம் 9 ஒப்பீடுகள், 4 இடமாற்றங்கள்.

ஒருமுறை பிரிந்தபின் இடப்பக்கத்துத் தாழ் ஸ்வரங்களும் வலப்பக்கத்து மேல் ஸ்வரங்களும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதே இல்லை. நூறு பட்டைகளோடு ஓடவிட்டால் இதை இன்னும் தெளிவாகக் கேட்கலாம். முதலில் தாழ்விலிருந்து உச்சம்வரை எல்லா ஓசையும் கலந்து வரும். அடுத்து ஒரு பகுதிக்குள் மட்டும் ஓசை அடங்கும். பிறகு அதிலும் ஒரு சிறு பகுதிக்குள். இப்படிச் சுருங்கிச் சுருங்கி வந்து, அடுத்த பகுதிக்குத் தாவும். ‘ரிகர்ஷன்’ என்று வகுப்பில் சொல்லப்படும் தன்னையே அழைக்கும் செயல்முறை ஓசையாகக் கேட்பது இதுதான்.

ஒன்பதே ஒப்பீட்டில் முடிந்தது கொஞ்சம் அதிர்ஷ்டமும்கூட. ஆறு எண்கள் கலைந்து நிற்க 720 விதங்கள் உண்டு. ஒவ்வொரு ஒப்பீடும் ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். ஒன்பது விடைகளால் 512 விதங்களை மட்டுமே பிரித்தறிய முடியும். ஆகவே எந்த வரிசை வந்தாலும் ஒன்பதில் முடித்துத் தருவேன் என்று எந்த ஒப்பீட்டு முறையும் வாக்குக் கொடுக்க முடியாது. பிவட் நடுத்தரமாக அமைந்ததால் இங்கே ஒன்பதில் முடிந்தது.

பிவட் மோசமாக அமைந்தால் என்ன ஆகும் என்பதும் காதில் விழும். ஏற்கெனவே வரிசையாக இருக்கும் நூறு எண்களைக் கொடுத்து, எப்போதும் கடைசி எண்ணையே பிவட்டாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மிகப் பெரியதே பிவட் ஆகும். எல்லாம் இடப்பக்கமே போய்ச் சேரும், வலப்பக்கம் காலி. ஓசை சுருங்கித் தாவுவதற்குப் பதிலாக, அடியிலிருந்து ஏறி உச்சத்தைத் தொட்டு மறுபடி அடியிலிருந்து ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் உச்சம் ஒரே ஒரு படி குறையும். கலைந்த நூறு எண்களுக்கு சராசரியாக 650 ஒப்பீடுகளில் முடிக்கும் முறை இப்போது 4,950 எடுத்துக்கொள்ளும். திரையில் பட்டைகள் ஏற்கெனவே படிக்கட்டாக நிற்பதால் கண்ணுக்கு எந்தக் கோளாறும் தெரியாது. அந்த ஏறும் ஓசை ஓயாமல் தொடர்வதுதான் அறிகுறி.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

இப்படியொரு நிரலை எழுத அல்காரிதத்தின் உள்ளே படம் வரையவோ ஒலி எழுப்பவோ கூடாது. ஒப்பீட்டுக்கு ஒரு செயற்கூறு, இடமாற்றத்துக்கு ஒரு செயற்கூறு. இரண்டும் தங்கள் வேலையைச் செய்வதோடு நடந்ததைப் பட்டியலில் குறித்துவைக்கும்.

```python
def compare(i, j):
    events.append(("cmp", a[i], a[j]))
    return a[i] > a[j]

def swap(i, j):
    if i == j:
        return
    events.append(("swap", i, j))
    a[i], a[j] = a[j], a[i]
```

அல்காரிதம் முழுவேகத்தில் ஓடி முடிந்தபின் அந்தப் பட்டியலை நாம் விரும்பும் வேகத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டலாம். நிறுத்தலாம், பின்னோக்கிப் போகலாம், இரண்டு முறைகளைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம்.

`swap`-இல் உள்ள முதல் இரண்டு வரிகள் வெறும் அலங்காரம் அல்ல. மேலே பார்த்த குவிக் சார்ட்டை வழக்கமான பாடப்புத்தக வடிவில் எழுதினால், தான் நிற்கும் இடத்தோடே தன்னை மாற்றிக்கொள்ளும் போலி இடமாற்றங்கள் ஐந்து நடக்கும். அவற்றையும் எண்ணினால் நான்கு என்பது ஒன்பதாகிவிடும். செலக்‌ஷன் சார்ட்டின் இரண்டும் ஐந்தாகும். இரண்டு நிரல்கள் ஒரே முறைக்கு வேறு வேறு எண்ணிக்கை காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒலியில் இரண்டு இடங்களில் சறுக்கல் வரும். முதலாவது, எண்ணைச் சுருதியாக மாற்றுவது. நூறு பட்டைகளை 120 ஹெர்ட்ஸிலிருந்து 1,200 ஹெர்ட்ஸ்வரை சம இடைவெளியில் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 11 ஹெர்ட்ஸ். கணக்குப்படி சரிதான், காதுக்குச் சரியில்லை. காது வித்தியாசத்தைக் கேட்பதில்லை, விகிதத்தைத்தான் கேட்கிறது. 120-இலிருந்து 131-க்குப் போனால் ஒரு அரைச்சுருதிக்கும் மேலான ஏற்றம், தெளிவாகத் தெரியும். 1,189-இலிருந்து 1,200-க்குப் போனால் ஒரு சதவீதம்கூட இல்லை. உயரமான பட்டைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலியாகிவிடும். அதனால் ஒவ்வொரு படிக்கும் சம விகிதம் கொடுக்க வேண்டும்:

```
f = 120 * 10 ** (k / 99)
```

இதில் k என்பது 0 முதல் 99 வரை பட்டையின் வரிசை எண். அடியிலும் உச்சியிலும் ஒரு படி என்றால் அதே சுமார் 2.35 சதவீத ஏற்றம். ஸ்வரங்களும் அதிர்வெண்ணின் விகிதத்தில் அமைந்தவைதானே.

இரண்டாவது, ஒலியின் நீளம். ஒலியைச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று வெட்டினால் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் ‘டக்’ என்ற ஓசை சேர்ந்துகொள்ளும். சுருதியைவிட அதுவே முன்னால் நிற்கும். சில மில்லிவினாடிகளில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும்படி ஒலியின் விளிம்புகளை மழுக்க வேண்டும். வேகம் கூடும்போது வேறொரு சிக்கல். ஒப்பீட்டுக்கு 5 மில்லிவினாடி என்று வைத்தால், 120 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரே ஒரு அலை முடிவதற்கே 8.3 மில்லிவினாடி தேவை. அலை முழுமையாகாத ஒலியில் சுருதியே தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஒலியையும் அதன் ஒப்பீட்டு நேரத்தைத் தாண்டியும் நீட்டி, அடுத்த ஒலிகளோடு கலந்து ஒலிக்கவிட வேண்டும். அப்போது தனித்தனி ஒப்பீடு கேட்காது. ஏற்றம், இறக்கம், சுருக்கம் என்ற ஒட்டுமொத்த நடை கேட்கும்.

பட்டைகளிலும் ஒரு மறைவிடம் உண்டு. ஒரே உயரமுள்ள இரண்டு பட்டைகள் தங்களுக்குள் முன்பின் மாறினால் யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே ஸ்வரம் என்பதால் ஒலியும் காட்டிக்கொடுக்காது. தேதிவாரியாக அடுக்கிய மாணவர் பட்டியலை மதிப்பெண்வாரியாக மறுபடி அடுக்கும்போது, சம மதிப்பெண் பெற்றவர்களின் தேதி வரிசை குலையக்கூடாது என்று எதிர்பார்ப்போம். இன்சர்ஷன் சார்ட் அதைக் காப்பாற்றும். தூரத் தாவல் செய்யும் செலக்‌ஷன் சார்ட் குலைத்துவிடலாம். சம உயரப் பட்டைகளுக்கு வேறு வேறு நிறம் கொடுத்து, தொடக்கத்தில் இருந்த நிற வரிசை இறுதியிலும் இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்கு வழி.

பிழை பிடிக்கவும் ஒலி உதவும். சுழற்சி எல்லையை ஒன்று குறைவாக எழுதிவிடுவது நிரலாளர்களின் நெடுநாள் பிழை. அப்போது கடைசிப் பட்டை ஒப்பீட்டிலேயே சேராது. நம் ஆறு எண்களில் அது நடந்தால் கடைசியில் நிற்கும் ‘க’ ஒருமுறைகூட ஒலிக்காது. அதுவே மிகப் பெரிய எண்ணாக இருந்திருந்தால் இறுதி வரிசை சரியாகவே இருந்திருக்கும், திரையைப் பார்த்தவருக்குச் சந்தேகமும் வந்திருக்காது.

வேகத்தைக் காட்டாத கடிகாரம்

திரையில் ஒரு முறை பத்து வினாடியில் முடிகிறது, இன்னொன்று மூன்று வினாடியில் முடிகிறது என்றால் அது அசல் வேகம் அல்ல. ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாம் வைத்த இடைவெளிதான் அந்த நேரத்தை முடிவு செய்கிறது. பிங்மனின் காணொளியிலேயே ஒவ்வொரு முறைக்கும் எத்தனை ஒப்பீடு, எத்தனை மில்லிவினாடி இடைவெளி என்று மேலே எழுத்தில் ஓடும். அதைப் படிக்காமல் எது முதலில் முடிந்தது என்று மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கே வருவோம். அதே காணொளியில் ரேடிக்ஸ் சார்ட் ஓடும்போது ஒப்பீட்டு எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்கும். அது எண்ணின் இலக்கங்களைப் பார்த்துப் பிரிக்கும் முறை. இரண்டை ஒப்பிடுவதே கிடையாது. அதனால்தான் அதற்கு மட்டும் ஒலியை வேறு விதமாக எழுப்ப வேண்டியிருந்தது. மெர்ஜ் சார்ட்டில் இடமாற்றம் என்பதே இல்லை. வேறொரு இடத்தில் நகலெடுத்துத் திரும்ப எழுதுவதால், திரையில் சில பட்டைகள் ஒரு கணம் இரட்டையாகத் தெரியும். அது பிழை அல்ல.

ஒரு ஒப்பீட்டுக்கும் ஒரு இடமாற்றத்துக்கும் எவ்வளவு செலவு என்பதைத் திரை சொல்லாது. அது அடுக்கப்படும் பொருளைப் பொறுத்தது. ஒவ்வொரு பதிவும் பெரியதாக, நகர்த்துவது கடினமாக இருந்தால் செலக்‌ஷன் சார்ட்டின் மௌனமான படம் லாபம்: நூறு பதிவுகளுக்கு அதிகபட்சம் 99 இடமாற்றம், அதே வேலைக்கு பபிள் சார்ட் சராசரியாக 2,475. ஒப்பிடுவதுதான் கடினம் என்றால் கதை மாறும். பைத்தான் மொழியில் இரண்டு பொருள்களை ஒப்பிடுவது விலை கூடிய வேலை. அதனால் அதற்கென்று டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய ‘டிம்சார்ட்’ முதலில் ஒப்பீடுகளைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கிறது. ஏற்கெனவே வரிசையாக உள்ள பகுதிகளைத் தேடிப்பிடித்து அவற்றை அப்படியே இணைக்கும்.

அதற்கு ஒழுங்காக அடுக்கிய நூறு எண்களைக் கொடுத்தால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஒரு ஏற்றம் கேட்கும்: 99 ஒப்பீடுகள், பூஜ்யம் நகர்வு. கடைசி எண்ணைப் பிவட்டாக வைத்த குவிக் சார்ட் அதே வரிசைக்கு அப்படிப்பட்ட ஏற்றங்களை 99 முறை ஒலிக்கும். இரண்டிலும் திரை அசையாமல்தான் நிற்கும். 4,851 ஒப்பீடுகளின் வித்தியாசம் ஒலியில் மட்டுமே இருக்கிறது.